நீண்ட பயணத்துக்கு முன் விடுப்புச் செய்தியும் ஒப்படைப்புக் குறிப்பும்: விமானம் சொன்ன நாளில் கிளம்பாவிட்டால்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்குப் பார்க்கிறேன். சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித் தூளாக்கும் தொழிற்சாலை எங்களுடையது. மகளின் பிரசவத்துக்காக டொராண்டோ போய்வந்தேன். நவம்பர் 8 இரவு கோவையிலிருந்து விமானம், டிசம்பர் 12 காலை திரும்பி வருவதாகத் திட்டம். அதற்கு முன் ஒருமுறை வெளிநாடு போனபோது பட்ட பாட்டை வைத்து, இந்த முறை ஒப்படைப்பை வேறு மாதிரி எழுதினேன். அக்கம்பக்கத்துத் தொழிற்சாலைகளில் இதே வேலை பார்ப்பவர்கள் கேட்ட கேள்விகளுக்கான பதில்கள் இவை.

விடுப்புச் செய்தியில் திரும்பி வரும் தேதியைப் போடலாமா?

டிக்கெட்டில் இருக்கும் தேதியைப் போடாதீர்கள். "டிசம்பர் 13 முதல் அலுவலகத்தில் இருப்பேன்" என்று எழுதினால், அந்த நாள் காலையிலேயே லாரிக்காரரும் இலை ஏஜென்ட்டும் உங்களைத்தான் தேடுவார்கள். விமானம் ஒரு நாள் தள்ளிப்போனாலோ மலைப்பாதையில் மண் சரிந்தாலோ அன்று நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள். உங்கள் இடத்தில் வேலை பார்த்தவரோ "அக்கா வந்திருப்பாங்க" என்று கையை எடுத்திருப்பார்.

வெளியாட்களுக்கு நான் எழுதியது இவ்வளவுதான்:

"வணக்கம். நவம்பர் 8 முதல் நீண்ட விடுப்பில் இருக்கிறேன். இந்த நாட்களில் உங்கள் மின்னஞ்சலைப் படிக்க இயலாது. இலைக் கணக்கு, லாரி வாடகை, ரசீது தொடர்பாக அலுவலகக் கணக்குப் பிரிவின் எண்ணில் பேசுங்கள். டிசம்பர் கடைசி வாரத்திலிருந்து நானே பதில் தருவேன். அதுவரை அலுவலக எண்ணில்தான் உங்கள் வேலை நடக்கும்."

எங்கே போகிறேன், எதற்குப் போகிறேன், எந்த விமானம் என்று ஒரு சொல்லும் அதில் கிடையாது. இந்தப் பதில் முன்பின் தெரியாதவர்களுக்கும் போகும். வீடு பூட்டிக் கிடக்கிறது என்று அவர்களுக்கு அறிவிப்பானேன்? மாற்று ஆளின் சொந்தக் கைபேசி எண்ணையும் தரவில்லை. ஒருமுறை அந்த எண் ஏஜென்ட்டுகளிடம் போய்விட்டால் நீங்கள் திரும்பி வந்த பிறகும் இரவு பத்து மணிக்கு அவருக்குத்தான் அழைப்பு வரும்.

12ஆம் தேதி திரும்புகிறவள் ஏன் "கடைசி வாரம்" என்று எழுதினேன் என்பதற்குக் காரணம் கீழே, ஒப்படைப்புக் குறிப்பு பற்றிய பதிலில் இருக்கிறது.

ஜிமெயிலில் இதை எப்படி வைப்பது? கடைசி நாள் கேட்கிறதே?

Settings, See all settings, General என்று போய்க் கீழே இறங்கினால் Vacation responder வரும். First day கட்டாயம். Last day என்பதைக் குறிக்காமல் விட்டுவிடலாம். அப்படி விட்டால் நீங்களாக நிறுத்தும்வரை பதில் போய்க்கொண்டே இருக்கும். விமானத்தை நம்பிப் போகிறவர்களுக்கு அதுதான் சரி. கடைசி நாளைக் குறித்துவிட்டால் அன்று நள்ளிரவோடு பதில் தானாக நின்றுவிடும். நீங்கள் அந்த நேரத்தில் ஏதோ ஒரு விமான நிலைய நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம். எழுதியவர்களுக்குப் பதிலும் வராது, நீங்கள் வரவில்லை என்பதும் தெரியாது.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே ஆள் திரும்பத் திரும்ப எழுதினாலும் பதில் ஒவ்வொரு முறையும் போகாது, நான்கு நாள் கழித்து எழுதினால்தான் மறுபடி போகும். ஆனால் நடுவில் செய்தியை நீங்கள் திருத்தினால் அந்தக் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது. பயணம் நீண்டுவிட்டால் செய்தியில் ஒரு வரியை மாற்றுங்கள், முன்பு பதில் பெற்றவர்கள் மறுபடி எழுதும்போது புதிய செய்தி அவர்களுக்கும் போகும்.

வாட்ஸ்அப்பில்தான் எல்லாரும் கேட்கிறார்கள். அதற்கு?

வாட்ஸ்அப் பிசினஸில் இதே மாதிரி விடுப்புச் செய்தி வைக்கும் வசதி உண்டு. ஆனால் கைபேசியில் இணைய இணைப்பு இருந்தால்தான் அந்தச் செய்தி போகும். நீங்கள் வானத்தில் இருக்கும் நேரத்தில் அது வேலை செய்யாது. அலுவலகக் கணினியில் உங்கள் வாட்ஸ்அப்பை இணைத்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தால், முதன்மைக் கைபேசி 14 நாள் பயன்பாட்டில் இல்லாவிட்டால் கணினியில் தொடர்பு அறுந்துவிடும். அலுவலகத்துக்கென்று தனி எண், தனிக் கைபேசி வைத்து அதை மேசையிலேயே விட்டுவிட்டுப் போவதுதான் நிலையான வழி.

எங்கள் விவசாயிகளில் பலர் மின்னஞ்சலும் அனுப்புவதில்லை, வாட்ஸ்அப்பும் அனுப்புவதில்லை. இலைச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேராக ஜன்னலுக்கு வருவார்கள். அவர்களுக்கான விடுப்புச் செய்தி ஒரு முழு வெள்ளைத்தாள். தடித்த பேனாவால் எழுதி, மழைச் சாரல் படாமல் கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டினேன்: "இலைக் கணக்கு கேட்க: இதே ஜன்னல், காலை 10 முதல் 1 வரை. கணக்குப் பார்ப்பவர் மாறியிருக்கிறார், கணக்கு மாறவில்லை." இரண்டாவது வரியைச் சேர்க்கச் சொன்னவர் ஒரு பெரியவர்தான். ஆள் மாறினால் கிலோவும் மாறிவிடுமோ என்று அவர்களுக்கு உள்ளூரப் பயம்.

ஒப்படைப்புக் குறிப்பில் என்னென்ன எழுத வேண்டும்? என் வேலையெல்லாம் அவருக்குத் தெரியுமே.

வேலை தெரியும். அது இன்று எந்த இடத்தில் நிற்கிறது என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அதைத்தான் எழுத வேண்டும்.

என் குறிப்பிலிருந்து ஒரு வேலையை அப்படியே தருகிறேன்.

"அக்டோபர் இலைப் பணம்.
நிற்கும் இடம்: 31ஆம் தேதி வரையிலான எடைச் சீட்டுகள் எல்லாம் பதிவாகிவிட்டன. 212 பேரில் 209 பேருக்குக் கணக்கு சரி. மீதி மூன்று பேரின் சீட்டுகள் பச்சை அட்டையில் இருக்கின்றன. இரண்டு பேருக்கு வங்கிக் கணக்கு எண் மாறியிருக்கிறது, பாஸ்புக் நகல் வரவேண்டும். ஒருவர் 19ஆம் தேதி எடையில் 12 கிலோ குறைகிறது என்கிறார்.
அடுத்தது: மாத விலையைப் பதிந்து, முன்பணமும் உரக்கடனும் கழித்து, வங்கிக்குப் பட்டியல்.
கெடு: நவம்பர் 10.
நீங்களே முடிவு செய்யலாம்: எடைத் தகராறு 15 கிலோ வரை. எடைப் பதிவேட்டைப் பார்த்துத் தீர்த்துவிடுங்கள், எனக்காகக் காத்திருக்க வேண்டாம்.
முதலாளியைக் கேட்க வேண்டியது: புதிய முன்பணம் எதுவானாலும்.
சரிபார்ப்பு: பட்டியலின் மொத்தக் கிலோவும் எடைப் பதிவேட்டின் மாத மொத்தமும் ஒன்றாக இருக்க வேண்டும். வித்தியாசம் வந்தால் 14, 15 தேதிகளை முதலில் பாருங்கள். அந்த இரண்டு நாள் மின்சாரம் இல்லாமல் கையால் எழுதிப் பதிந்தோம்."

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது "நீங்களே முடிவு செய்யலாம்" என்கிற வரி. அது இல்லாத குறிப்பு வெறும் வேலைப்பட்டியல். 12 கிலோ தகராறுக்கு டொராண்டோவுக்கு அழைத்து, நான் விமானத்தில் இருந்து, அழைப்பு எடுபடாமல், அந்த மனிதர் ஜன்னலில் நின்று திரும்பிப் போவார். ஐந்து வாரம் வெளியே இருப்பவர் எல்லையைக் கிலோவிலோ ரூபாயிலோ எழுதிவிட்டுத்தான் போக வேண்டும். "பார்த்துச் செய்யுங்கள்" என்று எழுதினால் யாரும் எதையும் துணிந்து செய்ய மாட்டார்கள்.

கடைசியில் இருக்கும் சரிபார்ப்பு வரியும் அப்படித்தான். தவறு எங்கே ஒளிந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் அதை எழுதிவிடுங்கள். அதைச் சொல்லாமல் போனால் அவர் 31 நாளையும் புரட்டுவார்.

இனி நகராத தேதிகள். டிடிஎஸ் 7ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-1 11ஆம் தேதி, பிஎஃப் 15ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி 20ஆம் தேதி. நவம்பர் 7க்குரியதை நானே கட்டிவிட்டுக் கிளம்பினேன். நவம்பர் 11, 15, 20, டிசம்பர் 7, 11 ஆகிய ஐந்தும் நான் இல்லாத நாட்களில் வருகின்றன, அவை மாற்று ஆளுக்கு என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சிக்கல் டிசம்பர் 15இல்தான். நான் 12ஆம் தேதி வந்துவிடுவேன் என்று கணக்குப் போட்டு 15ஆம் தேதி பிஎஃப் என்னுடையது என்று எழுதியிருந்தால், விமானம் இரண்டு நாள் தள்ளிப்போய் ஒரு நாள் மலைப்பாதையும் மூடினால் அந்த வேலை யாருடையதும் இல்லாமல் போகும். பிஎஃப் தாமதமானால் வட்டியும் அபராதமும் உண்டு. 3பி தாமதமானால் வரி இருக்கும் மாதத்துக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் கட்டணமும், வரிப் பாக்கிக்கு வட்டியும்.

அதனால் டிசம்பர் 20 வரையிலான எல்லாத் தேதியும் மாற்று ஆளுடையது என்று எழுதினேன். நான் 12ஆம் தேதியே வந்து பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தாலும் 15க்கும் 20க்கும் பொறுப்பு அவர்தான். விடுப்புச் செய்தியில் கடைசி வாரம் என்று போட்டதும் இதற்காகத்தான். உங்கள் டிக்கெட் தேதிக்குப் பிறகு ஒரு வாரத்துக்குள் வரும் கெடு எதுவாக இருந்தாலும் அதையும் சேர்த்து ஒப்படைத்துவிடுங்கள்.

விமானம் ரத்தாகி நான் ஊரிலேயே இருந்தால், அன்றைய வேலையை நானே பார்த்துவிடலாமே?

வேண்டாம். முந்தைய பயணத்தில் நான் அப்படிச் செய்து மாட்டிக்கொண்டேன்.

கோவை விமான நிலையத்துக்குப் போன பிறகுதான் விமானம் மறுநாள் இரவுக்குத் தள்ளிப்போனதாகச் சொன்னார்கள். பீளமேட்டில் சித்தப்பா வீட்டுக்குப் போய்த் தங்கினேன். காலையில் சும்மா இருக்க மனம் வரவில்லை. மடிக்கணினியைத் திறந்தால் லாரிக்காரரின் மின்னஞ்சல், 18,400 ரூபாய் வாடகை பாக்கி என்று. வங்கித் தளத்தில் பதிந்து முதலாளியின் ஒப்புதலுக்கு அனுப்பிவிட்டேன். அதே நேரத்தில் அலுவலகத்தில் என் இடத்தில் வேலை பார்த்த தம்பியும் அந்த ரசீதை எடுத்துப் பதிந்திருக்கிறான். முதலாளிக்கு இரண்டு ஒப்புதல் கோரிக்கைகள் வந்தன. அந்த லாரிக்காரருக்கு வாரத்தில் இரண்டு நடை வாடகை போவது வழக்கம்தான் என்பதால் இரண்டுக்கும் ஒப்புதல் தந்துவிட்டார். அடுத்த மாத வாடகையில் கழித்துத்தான் அந்தப் பணம் திரும்பியது. நல்ல மனிதர், கழித்துக்கொள்ளச் சம்மதித்தார். தம்பி மட்டும் தன்மேல் நம்பிக்கை இல்லாமல்தான் அக்கா பதிந்தார் என்று வருத்தப்பட்டான். பணம் திரும்பியும் அந்த வருத்தம் போக நாளானது.

ஆகவே இந்த முறை குறிப்பின் முதல் பக்கத்திலேயே பெட்டி கட்டி எழுதினேன்: "நவம்பர் 6 காலையிலிருந்து பொறுப்பு உங்களுடையது. என் விமானம் தள்ளிப்போனாலும், ரத்தானாலும், நான் வீட்டிலேயே இருந்தாலும் இது மாறாது. நான் அலுவலகத்துக்கு வந்து, இருவரும் உட்கார்ந்து கணக்கைப் பார்த்து, 'இன்றுமுதல் நான்' என்று இந்தத் தாளில் கையெழுத்திடும் நாளில்தான் முடியும்."

விமானம் 8ஆம் தேதி என்றால் பொறுப்பு மாறுவது ஏன் 6ஆம் தேதி? அந்த இரண்டு நாளும் தம்பி செய்வான், நான் பக்கத்தில் இருப்பேன். குறிப்பில் விட்டுப்போனது எல்லாம் அந்த இரண்டு நாளில்தான் வெளியே வரும். வங்கிப் பட்டியலுக்கு எந்தக் கோப்பு வடிவம் வேண்டும் என்று நான் எழுதவே இல்லை. 6ஆம் தேதி மதியம் அவன் கேட்ட பிறகுதான் தெரிந்தது.

ஓடிபி எல்லாம் என் கைபேசிக்குத்தான் வருகிறது. கடவுச்சொல்லையும் சிம்மையும் கொடுத்துவிட்டுப் போகலாமா?

இரண்டையும் கொடுக்காதீர்கள். விமானத்தில் பத்துப் பதினைந்து மணி நேரம் கைபேசி அணைந்திருக்கும், அந்த நேரத்தில் ஓடிபி வந்தால் யாருக்கும் பயனில்லை. சிம்மைக் கொடுத்தாலோ உங்கள் சொந்த வங்கிக் கணக்கின் ஓடிபியும் அவர் கையில். நாளை ஏதாவது தவறு நடந்தால் உங்கள் பெயரில் நடந்ததை யார் செய்தது என்று உங்களாலும் சொல்ல முடியாது, அவராலும் சொல்ல முடியாது.

சரியான வழிக்கு முன்கூட்டியே நாள் ஒதுக்க வேண்டும். வங்கியில் நிறுவனக் கணக்குக்கு அவர் பெயரில் தனிப் பயனர் வாங்குங்கள், பதிவது அவர், ஒப்புதல் முதலாளி. ஜிஎஸ்டி தளத்தில் கையொப்ப அதிகாரியாக நீங்கள் மட்டும் இருந்தால் இன்னொருவரையும் சேர்த்து, அவருடைய கைபேசிக்கும் மின்னஞ்சலுக்கும் ஓடிபி வரும்படி செய்யுங்கள். டிஜிட்டல் கையொப்பம் வைத்து தாக்கல் செய்யும் நிறுவனமானால் அந்தச் சிறிய டோக்கன் யார் பெயரில் இருக்கிறது, எந்த இழுப்பறையில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். கைப்பையில் மறந்துபோய் வெளிநாட்டுக்கு எடுத்துப் போனவர்கள் உண்டு.

நான் இதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்கினேன். அக்டோபர் 20 தாக்கலை அவன் பெயரில், அவன் கைபேசிக்கு வந்த ஓடிபியை வைத்தே செய்து பார்த்தோம். ஒருமுறை உண்மையாகவே நடந்து பார்க்காத அனுமதியை அனுமதி என்று நம்ப முடியாது.

பயண விவரத்தில் எதை அவரிடம் கொடுப்பது?

விமான எண், தேதி, புறப்படும் நேரம். இவை இருந்தால் விமானம் கிளம்பியதா, தாமதமா என்று அவரே பார்த்துக்கொள்ளலாம், உங்களுக்கு அழைக்க வேண்டியதில்லை. பிஎன்ஆர் வேண்டாம். பிஎன்ஆரும் குடும்பப் பெயரும் தெரிந்தால் பல விமான நிறுவனங்களின் தளத்தில் டிக்கெட்டையே மாற்ற முடியும். போர்டிங் பாஸைப் படமெடுத்து ஸ்டேட்டஸில் போடுவதும் அதே ஆபத்துதான்.

பேசும் நேரத்தையும் எழுதுங்கள். குளிர்காலத்தில் டொராண்டோ நமக்குப் பத்தரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். கோத்தகிரியில் மாலை 6 என்றால் அங்கே காலை 7.30. "அவசரமானால் மாலை 6 முதல் 7 வரை" என்று எழுதினேன். எது அவசரம் என்பதையும் எழுதினேன்: ஒப்புதல் தந்த பணம் தவறான கணக்குக்குப் போனது, வரி அலுவலகத்திலிருந்து நோட்டீஸ். இந்த இரண்டுக்கு மட்டும்தான்.

மலையிலிருந்து எப்போது இறங்குவது? எத்தனை நாள் கூடுதலாக வைத்துக்கொள்வது?

வடகிழக்குப் பருவமழை நாட்களில் விமானத்துக்கு முந்தைய நாளே மேட்டுப்பாளையத்தைத் தாண்டிவிடுங்கள். கோத்தகிரிப் பாதை, குன்னூர் பாதை இரண்டும் அங்கேதான் இறங்குகின்றன. ஒன்றில் மரம் விழுந்தால் மற்றதில் போகலாம், ஆனால் எல்லா வண்டியும் அதில்தான் வரும். இரண்டும் மூடினால் கூடலூர் வழியாகப் போகலாம் என்பார்கள். அதை இரவு விமானத்துக்குக் கடைசி நேர வழியாக வைத்துக்கொள்ள முடியாது. மைசூர் பக்கம் திரும்பினாலோ பந்திப்பூர் காட்டுச்சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடல்.

திரும்பும்போது கூடுதல் நாள் எவ்வளவு என்பதற்கு டிக்கெட்டைப் பாருங்கள். எல்லாப் பயணமும் ஒரே டிக்கெட்டில் இருந்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் நிறுவனமே அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும். ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் போகும். உள்நாட்டு விமானத்தையும் வெளிநாட்டு விமானத்தையும் தனித்தனியாக வாங்கியிருந்தால், தவறவிட்ட விமானம் உங்கள் பாடு. வராதவர் என்று குறித்து அந்த டிக்கெட்டின் மீதிப் பயணத்தையும் ரத்து செய்துவிடுவார்கள். அப்படிப்பட்டவர்கள் ஒப்படைப்பில் இரண்டு வாரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒப்படைப்பை வாங்குபவர் என்னைவிட மூத்தவர். இதையெல்லாம் அவரிடம் எழுதிக் கொடுத்தால் தப்பாக நினைப்பாரா?

தாளை நீட்டாதீர்கள். அவர் மேசைக்குப் போய், "அண்ணா, நான் விட்டது ஏதாவது இருந்தா சொல்லுங்க" என்று கேட்டு, அவர் சொல்வதை அவர் முன்னாலேயே குறிப்பில் சேர்த்து எழுதுங்கள். அப்போது அது அவருடைய குறிப்பாகவும் ஆகிவிடும். எல்லை பற்றிய வரிகளை முதலாளியின் வாயால் சொல்ல வையுங்கள்.

திரும்பி வந்த அன்றே வேலையை வாங்கிக்கொள்ளலாமா?

எனக்கு விமானம் சரியாகவே வந்தது, 12ஆம் தேதி மாலை வீட்டில் இருந்தேன். 14ஆம் தேதி அலுவலகம் போனேன். அன்றும் மறுநாளும் தம்பி செய்ததை வாசித்தேன், எதையும் தொடவில்லை. பிஎஃப் அவன்தான் கட்டினான். 20ஆம் தேதி 3பியும் அவன் பெயரில்தான் போனது. 22ஆம் தேதி இருவரும் உட்கார்ந்து வங்கி இருப்பையும் நவம்பர் இலைப் பணப் பட்டியலையும் ஒத்துப் பார்த்தோம். பச்சை அட்டையில் ஒரு சீட்டு இன்னும் இருந்தது, பாஸ்புக் நகல் வராத விவசாயியுடையது. அதைப் புதிய தாளில் முதல் வரியாக எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். மின்னஞ்சல் பதிலை நிறுத்தினேன், ஜன்னல் தாளை அவன் உரித்தான்.